திரை முன் நீண்ட நேரம் வேலை செய்பவர்களின் கண் சோர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் ஆனா கண் எரியுது, எழுத்து மங்குது, தலை கனக்குது. எல்லாம் ஒரே பிரச்சினைதானா?

பெரும்பாலும் இல்லை. திரை பார்க்கும்போது கண்ணில் மூன்று இடங்களுக்கு வேலை கூடுகிறது. ஒன்று, கண்ணின் மேல்பரப்பை ஈரமாக வைத்திருக்கும் கண்ணீர்ப் படலம். இரண்டாவது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைக் கிட்டத்துப் பார்வைக்குத் திருத்தித் தரும் சிலியரி தசை. மூன்றாவது, இரண்டு கண்களையும் மூக்குப் பக்கம் திருப்பி ஒரே எழுத்தின்மேல் நிறுத்தும் வெளித்தசைகள்.

மூன்றில் எது களைத்தாலும் நாம் சொல்வது "கண் வலி" என்ற ஒரே வார்த்தைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. வறட்சி இருப்பவர், பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்க்கும் பென்சில் பயிற்சியைச் செய்து பயனில்லை. தசை களைத்தவர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாலும் எரிச்சல் கொஞ்சம் குறையுமே தவிர மங்கல் போகாது. "எல்லாப் பயிற்சியும் செஞ்சு பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்களில் நிறையப் பேர், தனக்கு எது என்று பார்க்காமல் ஆரம்பித்தவர்கள்.

எனக்கு எதுன்னு டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நானே தெரிஞ்சுக்க முடியுமா?

ஓரளவு முடியும். மங்கல் வரும் அந்த நேரத்திலேயே அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் இரண்டு மூன்று முறை இமைகளை முழுதாக மூடித் திறங்கள். உடனே தெளிவாகி, சில நொடிகளில் மறுபடி மங்கினால் அது கண்ணீர்ப் படலத்தின் கோளாறு. இமைத்தும் மாறவில்லை, ஆனால் தூரத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் ஐந்து பத்து நொடியில் மெல்ல மெல்லத் தெளிகிறது என்றால், கிட்டப் பார்வையில் இறுகிய சிலியரி தசை தளர நேரம் எடுக்கிறது. எழுத்து இரண்டாகத் தெரிகிறது, வரிகள் நகர்கின்றன, ஒரு கண்ணை மூடினால் அந்தக் கணமே சரியாகிவிடுகிறது என்றால், கண்கள் சேர்ந்து திரும்புவதில் குறை.

வறட்சிக்கு இன்னொரு சோதனை உண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கான்டாக்ட் லென்ஸ் இல்லாமல், ஒருமுறை முழுதாக இமைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். எத்தனை நொடியில் உறுத்தல் வந்து இமைக்கத் தோன்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்று தடவை செய்து பார்த்தும் பத்து நொடி தாண்டவில்லை என்றால் வறட்சியைச் சந்தேகிக்கலாம். இது நோயை உறுதி செய்யும் சோதனை அல்ல. எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். ஒருவருக்கே இரண்டு காரணங்கள் சேர்ந்து இருப்பதும் சாதாரணம்.

என் கண்ணுல தண்ணி கொட்டுது. அதைப் போய் வறட்சின்னு சொல்றாங்களே, எப்படி?

கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணை ஒட்டி வழவழப்பான ஒரு பூச்சு, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய்தான் நீர் ஆவியாகாமல் காக்கிறது. அது இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. முழுதாக இமைக்கும்போது அந்தச் சுரப்பிகள் அழுத்தப்பட்டு எண்ணெய் வெளியே வந்து, கண் முழுக்கப் பரவுகிறது.

பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது ஐந்து ஆறாகக் குறைந்துவிடும். ஐந்து என்றால் இரண்டு இமைப்புக்கு நடுவே 12 நொடி. படலம் எட்டு நொடியில் உடைந்துபோகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் நாலு நொடி கண் திறந்த வெளியாகக் கிடக்கிறது. உறுத்தல் தாங்காமல் கண் உடனே நிறையத் தண்ணீரைச் சுரந்து கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் போதுமான அளவு இல்லாததால் அது கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். கண் பழையபடி காய்ந்துபோகும்.

இன்னொரு சிக்கல், திரை பார்க்கும்போது பல இமைப்புகள் பாதியிலேயே திரும்பிவிடுகின்றன. மேல் இமை இறங்கி வந்து கீழ் இமையைத் தொடாமலேயே ஏறிவிடும். அதனால் கண்ணின் கீழ்ப்பகுதிதான் முதலில் காய்கிறது.

அப்போ சும்மா அடிக்கடி கண்ணைக் கொட்டிக்கிட்டே இருந்தா போதுமா?

படபடவென்று கொட்டினால் அதுவும் பாதி இமைப்பாகத்தான் முடியும். இங்கே முக்கியம் முழுமை. செய்முறை இது:

1. கண்களை மெதுவாக மூடுங்கள். தூங்கும்போது மூடுவதுபோல, நெற்றியும் புருவமும் சுருங்காமல். மனத்துக்குள் இரண்டு எண்ணும்வரை மூடியே இருக்கட்டும்.
2. திறந்து, மறுபடி அதேபோல் மூடுங்கள். இந்த முறை மூடிய நிலையிலேயே இமைகளை லேசாக ஒன்றோடொன்று அழுத்தி இரண்டு எண்ணுங்கள். எண்ணெயை வெளியே தள்ளுவது இந்த அழுத்தம்தான்.
3. திறங்கள். இது ஒரு சுற்று. பத்துச் சுற்று செய்ய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும்.

ஒரு நாளில் நாலைந்து தடவை செய்யலாம். மீட்டிங்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் நேரம், ஃபைல் ஏறும் நேரம், ஃபோன் பேசும் நேரம் எல்லாம் இதற்கு வசதி.

சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள, சுட்டுவிரலைக் கண்ணின் வெளி ஓரத்தில் பட்டும் படாமலும் வையுங்கள். முதல் மூடலில் விரலடியில் தோல் இழுபட்டால் மிகையாக இறுக்குகிறீர்கள் என்று பொருள். வேலை நடுவே எப்படி இமைக்கிறீர்கள் என்று பார்க்க ஆசையிருந்தால், மானிட்டருக்குப் பக்கத்தில் ஃபோனை நிறுத்தி ஸ்லோ மோஷனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். மேல் இமை கீழ் இமையைத் தொடாத இடங்கள் அதில் நன்றாகவே தெரியும். ஃபோன் இருப்பது மறக்கும்வரை வேலை செய்துவிட்டு, கடைசி நிமிடத்தை மட்டும் பாருங்கள்.

இமைக்கும் பயிற்சி செஞ்சும் எரிச்சல் போகல. ஆபீஸ் ஏ.சி. காரணமா இருக்குமா?

இருக்கலாம். ஏ.சி. அறையின் காற்றில் ஈரம் குறைவு. அதைவிட மோசம், காற்று நேராக முகத்தில் அடிப்பது. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டிஷ்யூ பேப்பரின் நுனியைப் பிடித்து முகத்துக்கு முன்னால் தொங்கவிடுங்கள். அது ஆடினால் காற்றுத் துவாரத்தின் தகட்டைத் திருப்பச் சொல்லுங்கள், அல்லது இடம் மாறி உட்காருங்கள். வீட்டில் மேசை விசிறி வைத்து வேலை செய்பவர்கள் அதைக் காலுக்குத் திருப்பிவிடலாம்.

அடுத்து மானிட்டரின் உயரம். திரை மேலே இருந்தால் இமை அகலத் திறக்கிறது, காற்றுபடும் பரப்பும் கூடுகிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால், திரையின் நடுப்பகுதி கண்மட்டத்தைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே இருப்பது வசதி.

இவ்வளவும் செய்த பிறகும் எரிச்சல் இருந்தால், காலையில் இமை விளிம்பு பிசுபிசுப்பாக, பொடுகு ஒட்டியதுபோல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். அதற்கு வெந்நீர் ஒத்தடம் உதவும். சுத்தமான துணியை, முன்கையின் உட்புறத்தில் வைத்தால் சுகமாகத் தாங்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வையுங்கள். துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். பலர் அதோடு எடுத்துவிடுவதால்தான் பலன் தெரிவதில்லை. மறுபடி மறுபடி நனைத்து, சூடு மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம் கிடைக்க வேண்டும். முடிந்ததும் சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும், விளிம்பைப் பார்த்து மெல்ல நீவிவிடுங்கள். கண்விழியை அழுத்தாதீர்கள்.

ஒரு மணி நேரம் எக்செல் பாத்துட்டு நிமிர்ந்தா சுவர்க்கடிகாரம் மங்கலா தெரியுது. பவர் ஏறிடுச்சா?

சில நொடியில் தெளிந்துவிடுகிறது என்றால் உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். கிட்டத்தில் பார்க்கும்போது சிலியரி தசை சுருங்கி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைக் குண்டாக்குகிறது. தூரத்தில் பார்க்கும்போது அது தளர வேண்டும். மணிக்கணக்கில் சுருங்கியே இருந்த தசை தளரத் தாமதிக்கிறது, அந்தத் தாமதம்தான் மங்கல். ஆனால் காலையில் எழுந்ததுமே, திரை பார்க்கும் முன்பே தூரம் மங்கினால் அது வேறு. அப்போது பவர் பார்க்க வேண்டியதுதான்.

தசைக்கு எவ்வளவு சுமை என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. 1 என்ற எண்ணை மீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால், சுமை எவ்வளவு என்று டயாப்டர் என்ற அலகில் வரும். ஒரு மீட்டருக்கு 1, 60 சென்டிமீட்டருக்கு 1.67, 40 சென்டிமீட்டருக்கு 2.5, ஃபோனைப் பிடிக்கும் 30 சென்டிமீட்டருக்கு 3.3. கையில் ஃபோன் பார்ப்பது மானிட்டரைவிடக் கண்ணுக்குக் கடினம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

எனக்கு 43 வயசு, இதுவரை கண்ணாடியே போட்டதில்ல. லேப்டாப்ல கணக்கு வேலை. இப்ப ஆறு மாசமா புருவத்துக்கு மேல வலி. பயிற்சியில சரியாகுமா?

பயிற்சிக்கு முன்னால் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயது கூடக் கூட லென்ஸ் விறைத்துப்போய், கண்ணின் குவிக்கும் திறன் குறைகிறது. குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்பதற்குக் கண் பரிசோதகர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரம்: 15 கழித்தல் வயதின் கால் பங்கு. 43 வயதுக்குக் கால் பங்கு 10.75. மீதி 4.25 டயாப்டர். மொத்தத் திறனில் பாதியை மட்டும் செலவழித்தால்தான் நாள் முழுக்கக் களைப்பில்லாமல் பார்க்க முடியும். பாதி என்றால் ஏறக்குறைய 2.1.

லேப்டாப்பில் கீபோர்டும் திரையும் ஒட்டியே இருப்பதால் நீங்கள் உட்காரும் தூரம் 40 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதற்குத் தேவை 2.5. உங்களிடம் சுகமாகச் செலவழிக்க இருப்பது 2.1. இந்தப் பற்றாக்குறைதான் மாலையில் புருவத்துக்கு மேல் வலியாக வருகிறது. சின்னவயதில் இதே தூரம் உறைத்திருக்காது. 30 வயதில் பாதித் திறனே 3.75 இருந்திருக்கும்.

லேப்டாப்பை ஸ்டாண்டிலோ நாலு பழைய புத்தகத்தின் மேலோ ஏற்றி, தனிக் கீபோர்டும் மவுஸும் இணைத்து, திரையை 60 சென்டிமீட்டருக்குத் தள்ளுங்கள். தேவை 1.67 ஆகக் குறைந்துவிடும், இருப்புக்குள் வந்துவிடும். தூரம் ஒன்றரை மடங்கு ஆனதால் எழுத்தும் ஒன்றரை மடங்கு ஆக வேண்டும். 100 சதவீதத்தில் இருந்த எக்செல் ஜூமை 150 ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் எழுத்தைத் தேடி முகம் தானாக முன்னுக்குப் போய்விடும், பழைய 40 சென்டிமீட்டரே திரும்ப வந்துவிடும். தள்ளிவைத்த பலர் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வருவது இதனால்தான்.

இது ஓரிரு ஆண்டுகளுக்குத் தாங்கும். வெள்ளெழுத்தைப் பயிற்சியால் நிறுத்த முடியாது, தசை எவ்வளவு சுருங்கினாலும் விறைத்த லென்ஸ் வளையாது. கண்ணாடி தேவைப்படும்போது கடையில் கிடைக்கும் ரெடிமேட் பிளஸ் 2 கண்ணாடியை மாட்டிக்கொள்ளாதீர்கள். தூரப் பார்வைக்குப் பவர் இல்லாதவருக்கு அதில் 50 சென்டிமீட்டருக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாது. 60-ல் இருக்கும் திரையைப் பார்க்க முன்னால் குனிவீர்கள், கழுத்துவலி வரும். திரையின் தூரத்தை டேப்பில் அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கு என்று கேட்டுப் பவர் போடுங்கள்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் இருக்கும் பிராக்ரஸிவ் கண்ணாடி போட்டவர்களுக்குத் திரைப் பகுதி லென்ஸின் நடுவுக்குக் கீழே குறுகலாக இருக்கும். தாடையைத் தூக்கிப் பார்க்கிறீர்கள் என்றால் மானிட்டரை இன்னும் சில சென்டிமீட்டர் இறக்குங்கள். நாள் முழுக்கத் திரைதான் என்றால் ஆபீஸ் லென்ஸ் என்று தனியாகவே கிடைக்கிறது.

குவிக்கும் தசைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி என்ன?

தினசரி காலண்டர் தாள்கள் இரண்டு போதும். ஒன்றை நன்றாக வெளிச்சம் படும் சுவரில், கண்மட்டத்தில், மூன்று மீட்டர் தூரத்தில் மாட்டுங்கள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தூரக் கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே செய்யலாம்.

இடது கண்ணை உள்ளங்கையால் மறையுங்கள், விழியை அழுத்தாமல். வலது கண்ணால் சுவரில் இருக்கும் தேதியையும் கிழமையையும் படியுங்கள். அடுத்து 40 சென்டிமீட்டரில் பிடித்த தாளில் ராகு காலம், எமகண்டம் அச்சான பொடி எழுத்தில் ஒரு சொல்லைப் படியுங்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாகத் தெரியும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி சுவருக்குப் போங்கள். பத்துத் தடவை. பிறகு மற்றக் கண்ணுக்குப் பத்து, கடைசியில் இரண்டு கண்ணும் சேர்ந்து பத்து. மொத்தம் மூன்று நாலு நிமிடம் ஆகும்.

எல்லாரும் செய்யும் தவறு அவசரம். எழுத்து தெளிவதற்கு முன்பே பார்வையை அடுத்த தாளுக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே பயிற்சியே அந்தத் தெளியும் கணத்தில்தான் இருக்கிறது. முன்னேற்றம் தெரிய, பத்துச் சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். குறைந்துகொண்டே வந்தால் தசை வேகமாக இறுகித் தளரப் பழகுகிறது. 45 தாண்டியவர்களுக்கு இந்தப் பயிற்சியால் பெரிய லாபம் இல்லை. வாசிப்புக் கண்ணாடியும் சரியான தூரமும்தான் அவர்களுக்கு வழி.

எழுத்து ரெண்டா தெரியற மாதிரி இருக்கு, ஒரு கண்ணை மூடினா சரியாகுது. பென்சில் பயிற்சி செய்யலாமா?

முதலில் அளந்து பாருங்கள். பென்சிலின் மேல் ஒரு சின்ன எழுத்தை எழுதி, கை நீட்டிய தூரத்தில் மூக்குக்கு நேராகப் பிடியுங்கள். எழுத்தைப் பார்த்தபடியே மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். எழுத்து இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, மூக்கின் மேல்பகுதியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று இன்னொருவரை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். ஆறு ஏழு சென்டிமீட்டர்வரை ஒன்றாகவே தெரிந்தால் இந்தப் பயிற்சி உங்களுக்குத் தேவையில்லை. பத்துக்கு மேலேயே பிரிகிறது என்றால் கண்கள் சேர்ந்து உள்ளே திரும்புவதில் குறை என்று சந்தேகிக்கலாம்.

பயிற்சியும் இதே அசைவுதான். பிரியும் இடத்துக்கு வந்ததும் நின்று, இரண்டையும் ஒன்றாக்க முயலுங்கள். மூன்று நொடியில் சேராவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் பின்னால் எடுத்து, சேர்ந்ததும் மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு ஒருமுறை. கண் இழுப்பதுபோல் இருக்கும், அது சரிதான். தலைவலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும். பென்சிலைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் கதவோ ஜன்னலோ இரண்டாகத் தெரிய வேண்டும். அதுதான் இரண்டு கண்ணும் வேலை செய்வதற்கு அடையாளம். பின்னால் இருப்பது ஒன்றாகவே தெரிந்தால், மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிட்டது. அப்போது பென்சில் மூக்கைத் தொடும்வரை ஒன்றாகத்தான் தெரியும், பயிற்சி நடக்காது. இமைத்துவிட்டுத் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இந்தக் குறை இருந்த 9 முதல் 17 வயதுள்ளவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வில், 12 வாரம் மருத்துவமனையில் வழிகாட்டலோடு பயிற்சி எடுத்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். வெறும் பெயருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களிலேயே 35 சதவீதம் தேறியிருந்ததால், பென்சில் பயிற்சியின் தனிப் பலன் பெரிதாக நிற்கவில்லை. ஆறு வாரத்தில் உங்கள் ஸ்கேல் அளவு குறையவில்லை என்றால், இரண்டு கண்களும் சேர்ந்து இயங்கப் பயிற்சி தரும் ஆர்த்தாப்டிக்ஸ் பிரிவு இருக்கும் கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

20-20-20 விதி உண்மையிலேயே உதவுமா?

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 நொடி பார்ப்பது. நினைவில் நிற்பதற்காக எண்களை அப்படி அமைத்திருக்கிறார்கள், அதில் நொடிக்கணக்கு மந்திரம் எதுவும் இல்லை. 20 அடி என்பது ஆறு மீட்டர். அந்தத் தூரத்தில் குவிக்கும் தசைக்கு ஏறக்குறைய சுமையே இல்லை என்பதுதான் விஷயம்.

அறை சின்னதாக இருந்தால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியைப் பாருங்கள். ஜன்னலும் இல்லையா? சுவரில் ஒரு கண்ணாடி மாட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்று, அதில் தெரியும் உங்கள் உருவத்தையே பார்த்தாலும் கண்ணுக்கு ஆறு மீட்டர் தூரம்தான். அந்த நேரத்தில் ஃபோனை எடுத்துப் பார்த்தால் 1.67-லிருந்து 3.3-க்கு ஏறுகிறீர்கள், அது இடைவேளையே இல்லை.

வேலையில் மூழ்கிவிட்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை முடியாதவர்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வரலாம். எழுந்தால் கண் தானாகவே தூரத்தைப் பார்க்கும், தானாகவே இமைக்கும்.

ப்ளூ லைட் கண்ணாடி வாங்கலாமா?

கண் சோர்வுக்காக என்றால் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டி 2023-ல் வெளியிட்ட அறிக்கை, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அதனால் குறுகிய காலத்தில் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. அந்தப் பணத்தைத் தனிக் கீபோர்டுக்கும் ஸ்டாண்டுக்கும் செலவழியுங்கள்.

டார்க் மோட் நல்லதா, லைட் மோட் நல்லதா?

படிக்கச் சுகமாக இருப்பது எதுவோ அது. கறுப்புப் பின்னணியில் கண்மணி விரிவதால், சிலிண்டர் பவர் இருப்பவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் கலங்கலாகத் தெரியலாம். அவர்களுக்கு லைட் மோடே தேவலை. வெளிச்ச அளவுக்கு, திரையில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்குபோல் பளிச்சென்றால் குறையுங்கள், சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரவு ஷிஃப்டில் இருட்டறையில் வேலை செய்யாதீர்கள், மானிட்டருக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியட்டும்.

கண்ணை உருட்டுறது, உள்ளங்கையைத் தேய்ச்சு வைக்கிறது, திராடகம் இதெல்லாம்?

உருட்டினால் குவிக்கும் தசைக்கு எதுவும் ஆகாது, பவரும் குறையாது. உள்ளங்கையால் மூடிக்கொள்வது நல்ல ஓய்வு, கண் மூடியிருக்கும்போது ஈரமும் திரும்பும். அழுத்த மட்டும் கூடாது. திராடகத்தில் இமைக்காமல் சுடரையே பார்ப்பார்கள். வறட்சி இருப்பவருக்கு அது நேர் எதிர் வேலை, தவிர்த்துவிடுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். தொடர்ந்து பலமாகக் கசக்குவது கருவிழி மெலிந்து கூம்பும் நோயோடு தொடர்புடையது.

பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, இல்ல மெடிக்கல்ல கிடைக்கிற சொட்டு மருந்து... எது விடலாம்?

பன்னீரும் பூச்சாறும் கண்ணுக்குள் வேண்டாம். கிருமி நீக்காத எதையும் உள்ளே விட்டால் கருவிழியில் புண் வரலாம், ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும். குளிர்ச்சிக்காக நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

வறட்சிக்குக் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் போன்ற செயற்கைக் கண்ணீர் போதும். நாளுக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் ரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணை உறுத்தும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள். பாட்டில் நுனி எங்கும் படக்கூடாது. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதிவைத்து, லேபிளில் சொன்ன காலம் முடிந்ததும், பெரும்பாலும் ஒரு மாதத்தில், தூக்கிப்போடுங்கள்.

சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. விட்டுக்கொண்டே இருந்தால், நிறுத்தும்போது முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். இன்னும் ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்தது. விட்டதும் எரிச்சல் அடங்கிவிடுவதால் மக்கள் அதையே மறுபடி மறுபடி கேட்டு வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் கூடி நரம்பு கெடலாம், புரை வளரலாம். கண்ணழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. டாக்டர் எழுதித் தராமல் அதை ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு நாள்ல எப்படிப் பிரிச்சு செய்யறது? எத்தனை நாள்ல தெரியும்?

காலையில் குளிக்கும் முன் ஒத்தடம், இமையில் பிசுபிசுப்பு இருப்பவர்களுக்கு மட்டும். வேலைக்கு உட்கார்ந்ததும் தூரத்தையும் ஜூமையும் ஒருமுறை பாருங்கள். காலை டீ, மதியச் சாப்பாடு, மாலை டீ, வேலை முடிவு என்று நாலு வேளையும் இமைப் பயிற்சி. காலண்டர் அல்லது பென்சில், உங்களுக்குப் பொருந்துவது எதுவோ அது ஒன்று மட்டும், காலையிலேயே. களைத்துப்போன மாலைக் கண்ணில் இந்தத் தசைப் பயிற்சிகளைச் செய்தால் வலிதான் கூடும்.

மானிட்டரைத் தள்ளிய பலன் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். இமைப் பயிற்சிக்கும் ஒத்தடத்துக்கும் மூன்று நாலு வாரம் கொடுங்கள். தசைப் பயிற்சிகளுக்கு ஆறு வாரம். அதற்குள் நொடிக்கணக்கிலும் ஸ்கேல் அளவிலும் மாற்றம் வந்திருக்க வேண்டும்.

எப்ப கட்டாயம் டாக்டரைப் பாக்கணும்?

அன்றே போக வேண்டியவை: பார்வை திடீரென்று குறைவது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, மின்னல் வெட்டுவதும் கரும்புள்ளிகள் புதிதாகக் கொட்டுவதும், கடுமையான வலியோடு சிவப்பும் விளக்கைச் சுற்றி வளையமும், திடீரென்று தொடங்கிய இரட்டைப் பார்வை. கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்கு வலியோடு சிவந்தால் லென்ஸைக் கழற்றி, அதையும் டப்பாவில் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். இவை எதுவும் திரைச் சோர்வு இல்லை. ஒரு கண்ணில் மட்டும் தொடர்ந்து தொந்தரவு இருந்தாலும் பயிற்சி செய்து நாளைக் கடத்தாதீர்கள்.

சாதாரணப் பரிசோதனைக்குப் போகும்போது திரையின் தூரம், அதன் மேல்விளிம்பு கண்ணுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். இப்போது விடும் எல்லாச் சொட்டு மருந்துப் பாட்டில்களையும், பழைய கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். "கண் வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், இமைத்தால் தெளிகிறதா, தூரம் பார்த்தால் தெளிகிறதா, ஒரு கண்ணை மூடினால் தெளிகிறதா என்பதைச் சொல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.